ஜோவை லாரிக்குக் கட்டிக்கொடுக்காத ஆல்காட்

நேயர்களுக்கு வணக்கம். கதையில் வரும் இரண்டு பேர் சேரவே வேண்டும் என்று வாசகர்கள் ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள், அதற்கு எழுதுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. 13 வயதில் ஒரு கதையின் நடுவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதவள் நான். அக்காதான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் மேலே படிக்க விடவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைக் கேட்டேன், அதுவும் வேண்டாவெறுப்பாக. அந்தக் கதை லூயிசா மே ஆல்காட் எழுதிய ‘லிட்டில் விமன்’. இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் வாசகர் ஒரு பக்கம், எழுத்தாளர் ஒரு பக்கம், பதிப்பாளர் ஒரு பக்கம் என்று மூன்று பேரும் இழுத்த இழுப்பு இந்த ஒரு புத்தகத்தில் தெரிகிற மாதிரி வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

முதலில் அந்த வார்த்தை. இப்போது பிள்ளைகள் ‘அந்த ரெண்டு பேரையும் ஷிப் பண்றேன்’ என்கிறார்கள் இல்லையா, அது கப்பல் இல்லை, ரிலேஷன்ஷிப் என்பதன் வால். 1993-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் ரசிகர்களிடமிருந்து பரவியது. மல்டர், ஸ்கல்லி என்று இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள்; அவர்கள் காதலிக்க வேண்டும் என்ற கூட்டத்துக்கு ஷிப்பர் என்று பெயர், கூடவே கூடாது என்ற கூட்டத்துக்கு நோரோமோ என்று பெயர். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். 1998-இல் வந்த படத்தில் இருவரும் முத்தமிடப் போகிற நொடியில் ஸ்கல்லியைத் தேனீ கொட்டிவிடும். பிறகு 1999 கடைசியில், ஏழாவது சீசனில்தான், புத்தாண்டு பிறக்கிற நேரத்தில் ஒரு சின்ன முத்தம். தள்ளிப் போடுவது எழுத்தாளர்களின் ஒரு வழி. ஆல்காட் செய்தது வேறு.

இனி 1868-க்கு வருவோம். பாஸ்டன் நகரப் பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ், பெண் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதச் சொல்கிறார். ஆல்காட்டுக்கு அதில் பெரிய ஆசை இல்லை; குடும்பத்துக்குப் பணம் வேண்டும், எழுதுகிறார். நான்கு சகோதரிகள், அதில் இரண்டாமவள் ஜோ, எழுத்துப் பைத்தியம். பக்கத்து வீட்டுப் பணக்காரத் தாத்தாவின் பேரன் லாரி. அந்தச் செப்டம்பர் கடைசியில் முதல் பாகம் வெளிவருகிறது. கடைசியில் ஆல்காட் என்ன எழுதினார் தெரியுமா? இந்தக் குடும்ப நாடகத்தின் திரை மறுபடி எழுவது, முதல் அங்கத்துக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பொறுத்தது என்று எழுதினார். அதாவது வாசகரைப் பார்த்து, உங்கள் கையில்தான் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, லாரிக்கும் ஜோவுக்கும் அப்படி என்ன இருந்தது? மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் சொல்கிறேன். புத்தாண்டு விருந்து. அக்கா மெக்கும் ஜோவும் போகிறார்கள். ஜோவின் கவுனில் முதுகுப் பக்கம் தீயில் பொசுங்கிய அடையாளம்; கணப்படுப்புக்கு முதுகைக் காட்டி நிற்பது அவள் பழக்கம். கையுறையிலோ எலுமிச்சைச் சாறு கொட்டின கறை. அக்காவிடம் இருக்கும் நல்ல ஜோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கறை பட்டதை மற்ற கையில் மடித்துப் பிடித்துக்கொள்வது என்று முடிவாகிறது. முதுகு தெரியக்கூடாது, அதனால் ஜோ நடனமாட முடியாது, சுவரோரம் நிற்கிறாள். யாரோ நடனத்துக்குக் கூப்பிட வருவது போலத் தெரிந்ததும் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிகிறாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் ஒளிந்துகொண்டிருக்கிறான், அதுதான் லாரி. பேச்சு வளர்ந்து, ஏன் ஆடவில்லை என்று அவன் கேட்க, அவள் உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். அவன் சிரிக்கவில்லை. வெளியே ஒரு நீளமான கூடம் இருக்கிறது, அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள், வா என்கிறான். இரண்டு பேரும் அந்தக் காலிக் கூடத்தில் போல்கா ஆடுகிறார்கள்.

ஜோடி என்பது அங்கேயே பிறந்துவிட்டது. இதை வெறும் காதல் ஆசை என்று நினைத்தால் தவறு. அந்தப் புத்தகத்தைப் படிக்கிற பெண் தன்னை ஜோவாகத்தான் நினைத்துக்கொள்கிறாள்: சத்தமாகப் பேசுகிறவள், நடையில் நளினம் இல்லாதவள், கவுனைப் பொசுக்கிக்கொள்கிறவள். அந்த முதுகைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருத்தன் ஆடக் கூப்பிடுகிறான் என்றால், மாறாமலேயே என்னையும் ஒருத்தருக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு ஒரு வாக்கு கிடைக்கிறது. ஜோவுக்கும் லாரிக்கும் கல்யாணம் ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிப்பது அந்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லித்தான். 13 வயதில் நான் அழுததும் அதற்குத்தான், இப்போது யோசித்தால் புரிகிறது.

அப்புறம் இடைவெளி. முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறரை மாதம். கதை நிற்கிறது, வாசகியின் மனசு நிற்கவில்லை. அவளே பாதிக் கதையைக் கட்டி முடித்துவிடுகிறாள். தொடர்கதையோ தொலைக்காட்சித் தொடரோ, அடுத்த வாரம், அடுத்த சீசன் என்று காத்திருக்க வைக்கிற எல்லா இடத்திலும் இந்த ஆவேசம் கூடுவதற்குக் காரணம் இதுதான். காத்திருந்த நாளெல்லாம் அந்த ஜோடி வாசகரின் வீட்டில்தான் வளர்கிறது.

கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி இரண்டாம் பாகத்தைத் தொடங்கியபோது ஆல்காட் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: இந்தப் பெண்கள் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று கேட்டுச் சிறுமிகள் எழுதுகிறார்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அது ஒன்றுதான் லட்சியம் என்பது போல, யாரையும் திருப்திப்படுத்துவதற்காக நான் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன்.

அவருடைய விருப்பம் ஜோ கல்யாணமே ஆகாமல் எழுத்தாளராக இருக்க வேண்டும் என்பது. அவரும் அப்படித்தான் வாழ்ந்தார். ஆனால் பதிப்பாளர் விடவில்லை, எல்லாருக்கும் கல்யாணம் முடித்தாக வேண்டியிருக்கிறது என்று ஜனவரி 1869-இல் தன் மாமாவுக்கு எழுதின கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். மார்ச்சில் இன்னொரு கடிதத்தில் விஷயத்தை உடைத்தே சொல்கிறார்: ஜோ தனியாகத்தான் இருந்திருக்க வேண்டும், லாரியையோ வேறு யாரையோ கட்டித்தான் ஆக வேண்டும் என்று எத்தனையோ இளம்பெண்கள் கூச்சல் போட்டு எழுதியதால் மறுக்கத் துணியவில்லை, வீம்புக்காக ஒரு வேடிக்கையான பொருத்தத்தைச் செய்து வைத்துவிட்டேன், என் தலையில் கோபத்தைக் கொட்டப்போகிறார்கள், அதையும் கொஞ்சம் ரசிக்கத்தான் போகிறேன்.

அந்த வேடிக்கையான பொருத்தம்தான் ஜெர்மன் பேராசிரியர் ஃபிரீட்ரிக் பேயர். நாற்பதை நெருங்குகிறவர், கையில் காசில்லை. லாரி கடைசியில் ஜோவின் தங்கை ஏமியைக் கட்டிக்கொள்கிறான்.

லாரி ஜோவிடம் தன் காதலைச் சொல்கிற அத்தியாயத்தை இப்போது திரும்பப் படித்தால் அது எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. அவன் பரீட்சை முடித்து வந்திருக்கிறான், உன்னைத் தெரிந்த நாளிலிருந்து உன்னைத்தான் விரும்புகிறேன் என்கிறான். அவள் மறுக்கிறாள். சொல்கிற காரணங்கள் சாதாரணமானவை: இரண்டு பேருக்கும் முன்கோபம், சண்டைதான் வரும். நடுவில் இன்னொரு காரணமும் சொல்கிறாள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான் எழுதுவது உனக்குப் பிடிக்காது, எழுதாமல் என்னால் இருக்க முடியாது என்கிறாள். இதை ஒப்புக்கொள்கிற வாசகி லாரியை விட்டுக்கொடுக்கத் தயாராகிவிடுவாள். நான் தயார்.

ஆனால் அதற்கு முந்தைய அத்தியாயத்தில் என்ன நடந்தது? நியூயார்க்கில் ஜோ பத்திரிகைக்கு ரத்தமும் மர்மமுமாகக் கதை எழுதிச் சம்பாதிக்கிறாள். பேயர் அந்த மாதிரிக் கதைகளைப் பிள்ளைகள் கையில் படக்கூடாத நஞ்சு என்கிற தொனியில் கண்டிக்கிறார். ஜோ தன் அறைக்குப் போய்க் கதைகளை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்து, அத்தனையையும் அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறாள். எழுத்தை வெறுப்பான் என்று ஒருவனை மறுக்கிறவளை, எழுத்தைக் கொளுத்த வைத்தவருக்கே கட்டிக்கொடுத்திருக்கிறார் ஆல்காட். இத்தனைக்கும் ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரில் அப்படிப்பட்ட கதைகளை அவரே எழுதியவர்.

வாசகிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான். லாரி கிடைக்கவில்லை என்பதில் இல்லை அந்த நியாயம். காலிக் கூடத்தில் நடனமாடக் கூப்பிட்ட கதை, கடைசியில் மாறினால்தான் பிடிக்கும் என்று சொல்கிறவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடைசியில் மழையில், சேற்றில், குடைக்கடியில் பேயர் தன் கை வெறுங்கை என்று சொல்லும்போது, ஜோ தன் கையை அதில் வைத்து இப்போது வெறுங்கை இல்லையே என்கிறாள். அழகான இடம், எனக்கும் கண் கலங்கும். அந்த எரிந்த தாள்களை மட்டும் மறக்க முடியவில்லை.

நம் ஊரிலும் வாசகர் கேள்விக்கு எழுத்தாளர் பதில் சொன்னது உண்டு. ‘பொன்னியின் செல்வ’னின் கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறவள் மணிமேகலை. குந்தவை கல்யாணத்தை நாம் கதைக்குள் பார்ப்பதே இல்லை. பிறகு கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. ஆனால் அவருக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இருந்தது. குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று அதில் இருக்கிறது. ஆல்காட்டுக்கு அப்படி எந்தக் கல்வெட்டும் கிடையாது. அவர் சொல்வதுதான் ஜோவின் விதி, அதனால்தான் அத்தனை பேரும் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அந்தக் களைப்பு கடைசி வரை தெரிகிறது. 1886-இல் வந்த ‘ஜோஸ் பாய்ஸ்’ நாவலில் ஜோ பிரபலமான எழுத்தாளர். வாசகர்கள் வீட்டுக் கதவைத் தட்டி உயிரை எடுக்கிறார்கள். முடிவுக்கு வரும்போது, ஒரு பூகம்பம் வந்து இந்தக் குடும்பம் வாழும் இடத்தையே பூமிக்குள் விழுங்கிவிட்டதாக முடிக்கலாமா என்று ஆசையாக இருக்கிறது என்று எழுதினார் ஆல்காட். இரண்டே ஆண்டில் இறந்துபோனார்.

2019-இல் கிரெட்டா கெர்விக் இந்தக் கதையைப் படமாக எடுத்தார். அதில் ஜோ பதிப்பாளர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகியே தீர வேண்டும் என்கிறார் அவர். சரி என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாகப் புத்தகத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வருமானத்தில் பங்கையும் பேரம் பேசுகிறாள். குடையும் முத்தமும் அந்தப் பேரத்தின் நடுவே வந்து போகின்றன. கடைசிக் காட்சி அச்சகத்தில். தாள்களை மடிக்கிறார்கள், தைக்கிறார்கள், சிவப்பு அட்டை ஒட்டுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே ஜோ தனியாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், புத்தகம் கைக்கு வந்ததும் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறாள். அக்காவும் நானும் அதைச் சேர்ந்துதான் பார்த்தோம். அந்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வணக்கம்.