வாசலில் மூன்று நிமிடம்

தலைப்பு: "நீண்ட விடுமுறை முடிந்த முதல் நாளில் மாணவர்களின் பதற்றத்தைப் போக்குவது ஆசிரியரின் வரவேற்பா, உடனே தொடங்கும் பாடமா?"

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணித் தலைவர் விஷயம் தெரிந்தவர். கையில் வேலை இருந்தால் மனம் அலையாது என்றார், மறுக்க மாட்டேன். அடுத்தவர், முதல் நாளே தேர்வு வைத்தால் மறந்தது தெரியும் என்றார். பாதி சரி. விடுமுறையில் மறந்தது எது, பயத்தில் வராமல் போனது எது என்று அந்த விடைத்தாள் பிரித்துக் காட்டாதே! மூன்றாமவர், தன் மகன் விடுமுறை முழுக்கக் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை என்று புலம்பினார். பாவம்தான் ஐயா, ஆனால் அதற்கு வேறு பட்டிமன்றம் போட வேண்டும்.

நான் ஒரு சின்னக் கதை சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, 36 பேர். மணியடிக்குமுன்பே ஆசிரியை கதவருகே நிற்கிறார். ஒவ்வொரு மேசையிலும் பெயர்ச் சீட்டு. ஏன்? எங்கே உட்காருவது, யார் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்பதுதான் உள்ளே நுழையும் பிள்ளையின் முதல் பயம். கரும்பலகையில் ஒரு வரி: 'இந்த அறையில் கண்ணில் படும் வட்டமான பொருள்கள் ஐந்தை எழுதுங்கள்.' தப்பாகவே போக முடியாத வேலை. இது இல்லாமல் டீச்சர் வாசலில் நின்றால் உள்ளே சந்தைக்கடைதான்.

ஒருவருக்கு ஐந்து விநாடி. பெயர், ஒரு வணக்கம், 'உன் இடம் ஜன்னலோரம்.' 36 பேருக்கும் மூன்றே நிமிடம்.

ஒரு சிறுமி, "வயிறு வலிக்குது மிஸ்" என்கிறாள். மிஸ் எல்லோர் முன்னாலும் விசாரிக்கவில்லை. "தண்ணி குடிச்சிட்டு உட்காரும்மா, பத்து நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்." சொன்னபடி வந்து பார்த்தார். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறாள், வலி போய்விட்டது. போகாமல் இருந்தாலோ, காய்ச்சல் தெரிந்தாலோ வீட்டுக்குச் சொல்லியனுப்புவதுதான் முறை.

நல்லெண்ணத்தோடு கெடுப்பவர்களும் உண்டு. 'லீவுக்கு எங்கே போனீங்க? ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க!' ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 36 நிமிடம். ஒரு பீரியடே காலி. கடைசி பெஞ்சுக்காரன் தன் முறை வரும்வரை படபடத்துக்கொண்டிருப்பான். எங்கும் போகாதவன் பொய் சொல்வான். வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை என்ன சொல்லும்? கேட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேச விடுங்கள், போதும்.

தாமதமாக வந்த பையனை என்ன செய்வீர்கள் என்று எதிரணி கேட்டது. ஒரு தலையசைப்பு, விரலால் இடத்தைக் காட்டுவது, அவ்வளவே. மற்றவர்கள் எழுதும்போது அருகே போய்ப் பேசலாம்.

ஆனால் 60 பேர் இருக்கும் வகுப்பில் இதே ஐந்து விநாடி ஐந்து நிமிடமாகும், வராந்தா அடைத்துக்கொள்ளும். அங்கே பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு வரிசைவரிசையாகப் போய் வணக்கம் சொல்லலாம் என்பது என் கட்சி. வாசலை விடவே கூடாது என்கிறார் எங்கள் அணித் தலைவர். நடுவர் அவர்களே, அந்த வழக்கையும் நீங்களே தீர்த்து வையுங்கள்.