சென்சார் அளக்காத வண்ணங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கேமரா வாங்கும்போது பெட்டியில் 24 மெகாபிக்சல் என்று அச்சிட்டிருக்கும். அந்த 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றையும் அளக்கின்றன என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே ஒரு வண்ண வடிகட்டிதான் இருக்கிறது. சிவப்பு வடிகட்டிக்குக் கீழே உள்ள புள்ளிக்குப் பச்சையும் தெரியாது, நீலமும் தெரியாது. ஒரு வரிசையில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அடுத்த வரிசையில் பச்சை, நீலம், பச்சை, நீலம். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு இது. 1976-இல் காப்புரிமை பெற்றது. நம் கண் நுண்விவரத்தைப் பெரும்பாலும் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் பார்க்கிறது என்பதால் பச்சைக்குப் பாதி இடம் கொடுத்தார்.

ஆகவே முழு வண்ணப் படத்துக்குத் தேவையான 7 கோடியே 20 லட்சம் எண்களில் சென்சார் அளந்தது 2 கோடியே 40 லட்சம்தான். மீதி 4 கோடியே 80 லட்சத்தையும் மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அந்தக் கணக்குக்குத்தான் டீமொசைக்கிங் என்று பெயர்.

மிக எளிய வழி, பக்கத்துப் புள்ளிகளின் சராசரி. ஒரு சிவப்புப் புள்ளிக்குப் பச்சை வேண்டுமானால் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு பச்சைகளையும் கூட்டி நான்கால் வகுத்துவிடலாம். சமமான வானத்தில், சுவரில் இது ஒரு குறையும் வைக்காது. விளிம்பு வரும்போதுதான் சிக்கல்.

ஒரு வெள்ளைச் சுவரும் அதை ஒட்டி நிற்கும் கருஞ்சாம்பல் தூணும் படத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெண் சமநிலையைச் சரிசெய்த பிறகு சுவரில் எந்த வடிகட்டியிலும் 200, தூணில் எந்த வடிகட்டியிலும் 40. விளிம்பை ஒட்டிச் சுவர்ப் பக்கம் உள்ள கடைசி நெடுவரிசையில் ஒரு சிவப்புப் புள்ளியை எடுப்போம். மேலே 200, கீழே 200, இடப்பக்கம் 200, வலப்பக்கம் 40. சராசரி 160. அளந்த சிவப்பு 200, கணக்கிட்ட பச்சை 160. வெள்ளைச் சுவரில் சிவப்புச் சாயல் ஏறிவிட்டது. அதற்கு நேர் கீழே உள்ள புள்ளி பச்சை வடிகட்டி கொண்டது. அங்கே பச்சை அளந்ததே, 200. அதற்கும் கீழே மறுபடி 160. இப்படி விளிம்பு நெடுக 160, 200, 160, 200 என்று பல் பல்லாக நிற்கும். ஜிப்பர் என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான்.

இதற்கு மருந்து எளிது. சராசரி எடுப்பதற்கு முன் திசையைப் பார்க்க வேண்டும். கிடைமட்டத்தில் வித்தியாசம் 160, செங்குத்தில் பூஜ்யம். ஆகவே விளிம்பு செங்குத்தாக ஓடுகிறது. மேலும் கீழும் உள்ள பச்சைகளை மட்டும் எடுத்தால் 200, சரியான விடை. இன்று புழக்கத்தில் உள்ள நல்ல முறைகள் பெரும்பாலும் இப்படித் திசை பார்த்தே நிரப்புகின்றன. அதோடு இன்னொரு அனுமானமும் சேரும்: சிறிய பரப்பில் வெளிச்சம் சடாரென்று மாறலாம், ஆனால் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் மெதுவாகவே மாறும். எனவே பச்சையை முதலில் முழுதாக நிரப்பிவிட்டு, அந்த வித்தியாசத்தைப் பரப்பி மற்ற இரண்டையும் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா மென்பொருளும் ஒரே விடைக்கு வரவேண்டுமே? வராது. ஏன் என்பதற்கு இந்த எண்களைப் பாருங்கள்.

```
சி 200   ப 40    சி 200   ப 40
ப 200    நீ 40   ப 200    நீ 40
சி 200   ப 40    சி 200   ப 40
```

இது என்ன காட்சி? ஒரு புள்ளி அகலமே உள்ள வெள்ளை, சாம்பல் செங்குத்துக் கோடுகள் என்று சொல்லலாம். நெருங்கிய இழைத் துணி அப்படித்தான் விழும். ஆனால் வேறொரு விடையும் இதே எண்களுக்குப் பொருந்தும். எங்கும் சிவப்பு 200, எங்கும் நீலம் 40, பச்சை மட்டும் வரிக்கு வரி 40, 200 என்று மாறும் வண்ணமயமான கிடைமட்டக் கோடுகள். நடு வரிசையில் பச்சை 200, மற்ற வரிசைகளில் 40. சென்சார் இதே எண்களைத்தான் பதிவு செய்திருக்கும். சிவப்புப் புள்ளியிலிருந்து பார்த்தால் மேலும் கீழும் சமம், இடமும் வலமும் சமம். திசை பார்க்கும் விதி இங்கே கைவிரித்துவிடுகிறது. கோப்பில் இல்லாத தகவலை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. இந்த இடத்தில் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

சென்சாரின் மூல எண்களைப் படமாக்கும் மென்பொருள்களான ரா மாற்றிகள் அந்தத் தேர்வில்தான் பிரிகின்றன. 2005-இல் ஹிரகாவாவும் பார்க்ஸும் வெளியிட்ட AHD முறை, கிடைமட்டமாக ஒரு முழுப் படம், செங்குத்தாக ஒரு முழுப் படம் என இரண்டையும் நிரப்பி, ஒவ்வொரு புள்ளியிலும் அக்கம்பக்கத்தோடு அதிகம் ஒத்துப்போகும் படத்தை எடுக்கிறது. நம் துணியில் இரண்டு படங்களும் தத்தம் திசையில் சமமாகவே ஒத்துப்போகும். எண்களில் தற்செயலாக ஏறி இறங்கும் சிறிய இரைச்சல்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வெவ்வேறு பக்கம் சாய, துணியில் புதிர்ப்பாதை போன்ற குறுக்கு நெடுக்குக் கோடுகள் தோன்றும். எமில் மார்டினெக் எழுதிய, RawTherapee என்ற ரா மாற்றியில் உள்ள AMaZE முறை இப்படிப்பட்ட இடங்களைத் தனியே சோதித்து, சற்று அகன்ற பரப்பைப் பார்த்து முடிவெடுக்கிறது. குறைந்த ஐஎஸ்ஓ படங்களில் இது மிக நுண்மையானது. அதிக ஐஎஸ்ஓவிலோ இரைச்சலையே விளிம்பு என்று நம்பிச் சமமான பரப்பிலும் புதிர்ப்பாதை வரைந்துவிடும். அங்கே இரைச்சல் மிகுந்த படங்களுக்கு ஏற்ற LMMSE போன்ற முறை மேல்.

இன்னொரு வேறுபாடு, பொய் வண்ணத்தை அடக்குவது. கோடுகள் ஒரு புள்ளி அகலத்திலிருந்து சற்றே விலகியிருந்தால், வெள்ளைக் கோடு ஓரிடத்தில் சிவப்பு நெடுவரிசையிலும் சற்றுத் தள்ளி நீல நெடுவரிசையிலும் விழும். வெள்ளை வேட்டியில் ஆரஞ்சும் நீலமும் அலையலையாக ஓடும். லென்ஸ் வழியே வரும் காட்சியைச் சற்று மங்கச் செய்யும் ஒளியியல் வடிகட்டி இல்லாத கேமராக்களில் இது அதிகம். சில மென்பொருள்கள் வண்ண வித்தியாசத்தை, அக்கம்பக்க மதிப்புகளில் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் வடிகட்டியால் சமன்செய்து இந்த அலைகளைத் தேய்த்துவிடுகின்றன. அதே வேகத்தில் வெள்ளைத் துணியில் உண்மையாகவே ஓடும் ஒற்றைச் சிவப்பு இழையும் சாம்பலாகிவிடும். எதைப் பொய் என்று கொள்வது என்பது எழுதியவரின் முடிவு. நான் துணிகளைப் படமெடுப்பவன் என்பதால், அலை சற்று இருந்தாலும் இழை பிழைக்கட்டும் என்பேன். கட்டடம் எடுப்பவர் நேர்மாறாகச் சொல்வார், அவருக்கும் நியாயம் இருக்கிறது.

ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. பல மாற்றிகள் திறந்தவுடனேயே கூர்மையேற்றலையும் இரைச்சல் நீக்கத்தையும் தாமாகவே போட்டுவிடுகின்றன. ‘இது அதிக விவரம் காட்டுகிறது’ என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்தக் கூர்மையேற்றல்தான். டேவ் காஃபின் எழுதிய dcraw என்ற ரா மாற்றி கூர்மையேற்றாது. ஒரே கோப்பை இரு முறைகளில் பிரித்துப் பார்க்கலாம்:

```
dcraw -w -q 0 -T -c photo.NEF > sarasari.tiff
dcraw -w -q 3 -T -c photo.NEF > ahd.tiff
```

முதலாவது வெறும் சராசரி, இரண்டாவது AHD. இரண்டையும் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஜன்னல் கம்பி, தலைமுடி, சாம்பல் நிறத் துணி ஆகிய மூன்றையும் பாருங்கள். கம்பியின் ஓரத்தில் பல் தெரிகிறதா, சாம்பலில் வண்ணம் ஒட்டியிருக்கிறதா, முடி இழைகள் தொடர்ந்து ஓடுகின்றனவா, திடீரென்று குறுக்கே திரும்புகின்றனவா என்று கவனியுங்கள். நிதானமான வானப் பகுதியைக் காட்டி எந்த மென்பொருள் மேல் என்று கேட்டால், என்னாலும் சொல்ல முடியாது. அங்கே சராசரியே போதும்.