பத்துத் தடவை தலை விழுந்த பிறகு

அவையோருக்கு வணக்கம். நீங்கள் எல்லாரும் கணக்கு ஆசிரியர்கள் என்பதால் நேராக விடைத்தாளுக்கே போய்விடுகிறேன். ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினோம், பத்தும் தலை. அடுத்த தடவை தலை விழ நிகழ்தகவு என்ன? 1/2 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண், வேறு எண் எழுதியவன் சூதாடியின் பிழையில் விழுந்தவன் என்று திருத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சரியில்லை என்பது என் கட்சி.

அந்தப் பிழை எது என்பதற்கு மான்டே கார்லோவைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். 1913 ஆகஸ்ட் 18 அன்று அங்கே ஒரு ரூலெட் மேசையில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சக்கரத்தில் கோளாறு என்று அவர்கள் சந்தேகப்படவில்லை. சக்கரம் ஒழுங்கானது, ஆகவே கணக்கை நேர் செய்துவிடும் என்று நம்பினார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. நாணயம் சீரானது என்று ஒப்புக்கொண்டு, சுண்டல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றும் ஒப்புக்கொண்டு, அப்புறமும் பழைய விளைவுகளை அடுத்த சுண்டல் ஈடுகட்டும் என்று சொல்வது.

“நிறைய சுண்டினால் பாதிக்குப் பாதி வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சார்?” என்று ஒரு மாணவன் கேட்பான். நியாயமான கேள்வி. இன்னும் ஆயிரம் தடவை சுண்டச் சொல்லுங்கள். அதில் ஏறத்தாழ 500 தலை எதிர்பார்க்கலாம். பழைய பத்தையும் சேர்த்தால் 1010-இல் 510, அதாவது ஏறக்குறைய 50.5 சதவீதம். முதலில் வந்த பத்துத் தலையை ஈடுகட்ட ஒரு பூகூட அதிகமாக விழத் தேவையில்லை. அந்தப் பத்து அப்படியே இருக்கிறது, கூட்டம் பெருகியதில் அதன் பங்கு கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொருவன் 1/2048 என்று எழுதுவான். சட்டென்று சுழித்துவிடாதீர்கள். அது தொடர்ந்து பதினொரு தலை விழுவதற்கான நிகழ்தகவு. கணக்கு சரி, நாம் கேட்ட கேள்விதான் வேறு. அவனிடம், “பத்துத் தலை, அப்புறம் ஒரு பூ, இதற்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். அதுவும் 1/2048 என்பான். இரண்டும் சமம் என்றால் பதினோராவதில் தலையும் பூவும் சமம் என்பது அவன் கண்ணிலேயே பட்டுவிடும். அதற்குப் பிறகும் பூவுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று பிடிவாதம் பிடித்தால், அப்போது பிழை என்று சொல்லலாம்.

1/2 என்று எழுதியவனையும் நான் உடனே விடமாட்டேன். “1/2, ஆனாலும் பூ வருகிற முறை வந்துவிட்டது” என்று அடியில் எழுதியிருந்தால் எண் பாடப்புத்தகத்தினுடையது, எண்ணம் மான்டே கார்லோவினுடையது.

இப்போது 3/4 என்று ஒரு பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் போய்விட்டது. காரணம், “தலைக்கு இன்று ராசி” என்று இருந்தால் அதுவும் தவறுதான், ஆனால் வேறு தவறு, சூதாடியின் பிழைக்கு நேர் எதிர்த் திசை. காரணம் இப்படியும் இருக்கலாம்: ஒரு பையில் ஆயிரம் நாணயங்கள், அதில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தலை. பார்க்காமல் ஒன்றை எடுத்துச் சுண்டியதில் பத்தும் தலை. எல்லா நாணயத்தையும் பத்துப் பத்துத் தடவை சுண்டியதாக நினைத்துப் பாருங்கள். 999 சீரான நாணயங்களில் சராசரியாக ஒன்றுதான் பத்தும் தலையாகத் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அதன் வாய்ப்பு 1024-இல் 1. இரட்டைத்தலை நாணயம் நிச்சயம் தாக்குப்பிடிக்கும். ஆகவே நம் கையில் இருப்பது அதுவாக இருக்கக் கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு. அடுத்தது தலையாக இருக்க, அந்தப் பாதி முழுசாக, மீதிப் பாதியில் சரிபாதி: முக்கால். பேயீஸ் தேற்றம் போட்டுத் துல்லியமாகப் பார்த்தாலும் 0.753 வருகிறது. இந்த மாணவன் பழைய விளைவுகளைப் பயன்படுத்தினான், உண்மைதான். ஆனால் அடுத்த சுண்டலை அவை தள்ளுவதாகச் சொல்லவில்லை, கையில் எந்த நாணயம் என்பதை அவற்றிலிருந்து ஊகித்தான்.

பாதிக்குக் குறைவான பதிலும் எப்போதும் பிழையாகாது. பத்துச் சிவப்பு, பத்துக் கறுப்புப் பந்து உள்ள பெட்டியிலிருந்து திரும்பப் போடாமல் எடுத்து, ஐந்தும் சிவப்பாக வந்தால் ஆறாவது சிவப்பாக இருக்க 5/15, மூன்றில் ஒன்றுதான். பெட்டி குறைகிறது, நாணயம் குறைவதில்லை.

ஆகவே கேள்வித்தாள் தயாரிக்கும்போது ‘சீரான நாணயம்’ என்று எழுதுங்கள், கீழே ‘காரணம் கூறுக’ என்று ஒரு வரி சேர்த்து, மதிப்பெண்ணில் பாதியை அதற்கு வையுங்கள். ‘சீரான’ என்ற சொல்லை விட்டுவிட்டால், பாதிக்கு மேல் எழுதி அதற்குச் சரியான காரணமும் தந்தவனுக்கு மதிப்பெண் குறைக்க நமக்கு வழியில்லை.