ஒன்பது பேர் இருக்கிற வீட்ல எங்க உக்காந்து, எப்பப் படிக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "அண்ணா, குரூப் 4க்குப் படிக்கிறேன். மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லாம் சேத்து ஒன்பது பேர். ஒரு ஹால், ரெண்டு ரூம். எங்க உக்காந்தாலும் சத்தம். நான் எங்க உக்காரட்டும், எப்பப் படிக்கட்டும்?"

இந்தக் கேள்வியப் படிச்சதுலேர்ந்து மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கும்மா. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நான் அடிக்கடி சொல்றதுதான். எல்லாச் சத்தமும் ஒண்ணு கெடையாது. காத்தாடிச் சத்தம், மிக்ஸிச் சத்தம் வேற, பேச்சுச் சத்தம் வேற. புரியிற பேச்சு காதுல விழுந்தா மனசு அத விடாது, அர்த்தம் தேடிட்டுப் பின்னாலயே போயிடும். நீங்க மனசுக்குள்ள வாசிக்கிற வரியும் அதுவும் மோதிக்கும்.

மதுரை செல்லூர்ல ஒரு பொண்ணு எங்கிட்டப் படிச்சா. வீட்லயே விசைத்தறி. பக்கத்து ஆள் பேசுறதே கேக்காது, அப்படி ஒரு இரைச்சல். அதுக்குள்ள உக்காந்து பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்த நல்லாப் படிப்பா. ராத்திரி தறிய நிறுத்திட்டு சீரியல் போட்டாங்கன்னா படிப்பு நின்னுடும். "சத்தம் கொறஞ்சப்புறம்தாண்ணா முடியல"ன்னா. அதுக்காகத் தறிகிட்டப் போய் உக்காரச் சொல்லல, அது காதுக்குக் கெடுதல். ஒரு டேபிள் ஃபேன் போதும். அத உங்களுக்கும் டிவிக்கும் நடுவுல வச்சு, சுவத்தப் பாத்து உக்காருங்க. பேச்சு கேக்கும், ஆனா வார்த்தை வார்த்தையாப் பிரிஞ்சு கேக்காது. அதான் நமக்கு வேணும்.

எங்கன்னு கேட்டீங்க. எந்த நேரத்துல எந்தப் பாடம்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு நாள் பூரா ஒரு தாள்ல குறிச்சு வைங்க: எப்ப குழாயில தண்ணி வருது, புள்ளைங்க எப்ப ஸ்கூலுக்குப் போகுது, சீரியல் எப்ப ஆரம்பிக்குது. அநேகமா விடியக்காலை நாலரைலேர்ந்து ஆறு, அப்புறம் சமையல் முடிஞ்சு பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு, இந்த ரெண்டு நேரம்தான் பேச்சு கம்மியா இருக்கும். புதுப் பாடம், தமிழ் இலக்கணம், வரலாறு எல்லாம் அங்கதான் வரணும். குரூப் 4ல இருநூறு கேள்வில நூறு தமிழ், அது அமைதியான நேரத்துக்குப் போகட்டும். இருபத்தஞ்சு கேள்வி கணக்கும் திறனறிவும், அத சீரியல் நேரத்துல போடுங்க. ஏன்னா நடுவுல யாராவது கூப்பிட்டாலும், போட்ட படி தாள்லயே இருக்கும், திரும்பி வந்து தொடரலாம். பாடத்துல விட்ட இழைய மறுபடி புடிக்கிறது கஷ்டம்.

நேரம் சரியா அமைஞ்சிருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அரை மணி படிச்சதும் புத்தகத்த மூடிட்டு, படிச்சதுல அஞ்சு விஷயம் எழுதிப் பாருங்க. ரெண்டுகூட வரலைன்னா, ஒரே வரிய மூணு தடவை படிச்சிட்டு இருந்தீங்கன்னா, அது புதுப் பாடத்துக்கான நேரம் இல்ல. உங்க மேல குத்தம் இல்லம்மா. அந்த நேரத்துக்குக் கணக்கக் கொண்டு வந்துட்டு, பாடத்த வேற நேரத்துக்கு மாத்துங்க.

இப்ப இடம். விடியக்காலைல ஹால்ல எல்லாரும் தூங்குவாங்க. தலைமாட்டுல உக்காந்தா வெளிச்சம் அவங்க மூஞ்சில அடிக்கும், மறுநாளே பேச்சு வரும். கால்மாட்டுப் பக்கம், சுவரோரமா உக்காருங்க. கிளிப் மாட்டுற சின்ன எல்இடி விளக்கு ஒண்ணு, பின்னாடி ஒரு அட்டையச் செருகிட்டா வெளிச்சம் புத்தகத்து மேல மட்டும் விழும். மடியில பரீட்சை அட்டை. புத்தகம், பேனா, விளக்கு எல்லாம் ஒரே துணிப்பைல இருக்கட்டும். நிரந்தரமா ஒரு மேசை கெடைக்காத வீட்ல, தேடுறதுலயே கால் மணி போயிடும்.

அந்தப் பதினொண்ணு டு ஒண்ணு யாராவது விட்டுக் குடுத்தாத்தான் கெடைக்கும். மாமியார்கிட்ட "நான் படிக்கணும், தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு சொன்னா அவங்களுக்கு ஒரு நாள் பூரா அடங்கி இருக்கச் சொல்ற மாதிரி இருக்கும். "அத்தை, காலைச் சமையல் முழுக்க நான் பாத்துக்கறேன், பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் புள்ளைய நீங்க பாத்துக்கங்க, ஒரு மணிக்கு நானே எழுந்து வந்து சோறு போடறேன்"னு கேளுங்க. ஒரு மணின்னா ஒரு மணிக்கு எழுந்துடுங்க, பாதில இருந்தாலும். அந்த முடிவு நேரத்த நீங்க காப்பாத்தினாத்தான் மறுநாள் அவங்க காப்பாத்துவாங்க.

மாதிரித் தேர்வு மட்டும் வீட்ல வேண்டாம். மூணு மணி நேரம் அசையாம உக்கார அந்த வீட்ல வழியில்ல. பக்கத்துல கிளை நூலகம் இருக்கும், விடுமுறை நாள் எதுன்னு கேட்டு வச்சுக்கங்க. சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புத்தகம் கொண்டு போய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கு. மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. வாரத்துல ஒரு நாள், ஒம்பதரைலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் அங்க உக்காந்து எழுதுங்க, நிஜத் தேர்வும் அதே நேரம்தான். அன்னிக்குப் புள்ளைய யாரு பாத்துக்குறதுங்கறதையும் அத்தைகிட்ட முன்கூட்டியே பேசி வச்சிடுங்கம்மா.