போன் படம் டிவியில் தெரிய என்ன வேண்டும்?

வணக்கம் நேயர்களே. கல்யாண வீடியோவைச் சின்னப் போன் திரையில் ஆளுக்கொரு பக்கமாக எட்டிப் பார்க்காமல், வயர் எதுவும் இல்லாமல் டிவியில் எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மிரரிங். போன் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே டிவியிலும் தெரியும். இன்னொன்று காஸ்ட். படத்தை மட்டும் டிவிக்குக் கொடுத்துவிட்டு, போன் ரிமோட்டைப் போல வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்கும் மிரரிங்குக்கு மிராகாஸ்ட் என்று பெயர். சாம்சங் போனில் 'ஸ்மார்ட் வியூ' என்று இருக்கும். போனும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்வதால், வீட்டில் பிராட்பேண்ட் இல்லாவிட்டாலும் நடக்கும். டிவியில் 'ஸ்கிரீன் மிரரிங்' அல்லது 'ஸ்கிரீன் ஷேர்' பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, போனில் டிவியின் பெயரைத் தொடுங்கள். டிவி அனுமதி கேட்டால் ரிமோட்டில் ஓகே கொடுங்கள். படம் நடுவில் ஒல்லியாகத் தெரிந்தால் போனில் 'ஆட்டோ ரொட்டேட்' அணைந்திருக்கலாம். அதைப் போட்டுவிட்டுப் போனைப் படுக்கவசமாகத் திருப்புங்கள். நடுவில் வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதுவும் டிவியில் தெரியும் என்பதால், முதலிலேயே 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுவது நல்லது. ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது, கூகுளின் பிக்சல் போன்களிலும் கிடையாது.

காஸ்டுக்குக் கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி, அல்லது டிவியில் செருகிய குரோம்காஸ்ட் வேண்டும். ஐபோனின் சொந்த வழியான ஏர்பிளேக்கு, அந்த வசதி உள்ள டிவியோ ஆப்பிள் டிவி பெட்டியோ வேண்டும். இரண்டுக்குமே போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான் வருகிறது.

கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்தால் காஸ்ட் சின்னமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் டிவியின் நெட்வொர்க் அமைப்பில் எந்த வைஃபை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து போனைப் பாருங்கள். போன் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கலாம். விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரூட்டரே பொதுவாகத் தடுத்துவிடும். யூடியூப் நன்றாக ஓடும், டிவி மட்டும் கண்ணில் படாது. போன் வைஃபையில் இருந்தும் இப்படி நடந்தால் இந்தத் தடையாக இருக்கலாம். விபிஎன் போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். ஐபோனில் காஸ்ட் செய்வதானால் அமைப்புகளில் 'பிரைவசி' பகுதிக்குள் 'லோக்கல் நெட்வொர்க்' என்பதில் அந்தச் செயலிக்கு அனுமதி இருக்க வேண்டும்.

சில நேரம் டிவி கிடைக்கும், போட்டோவும் வரும், வீடியோ மட்டும் கறுப்பாக நிற்கும். காஸ்டில் வீடியோவை விரித்துக் காட்டும் வேலை டிவியுடையது. புதுப் போன் எடுத்த 4கே வீடியோவின் வடிவம் பழைய டிவிக்குப் புரியாமல் போகலாம். அப்போது மிரரிங்குக்கு மாறுங்கள். அங்கே வீடியோவை விரிப்பது போன் என்பதால், போனில் ஓடுவது டிவியிலும் ஓடும். படம் கொஞ்சம் மங்கலாகவோ விட்டுவிட்டோ வந்தால் போனை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்.