18 நிமிட உரையில் ஒரு நிமிடம்: கிளிப்பை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது?

[திரையில்: விளையாட்டரங்கில் மேடையேறிப் பேசும் கென்னடி. ஒலி இல்லை.]

1962 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி ஏறத்தாழ 18 நிமிடங்கள் பேசினார். அந்த உரையிலிருந்து பலரும் எடுத்துப் பகிர்வது ஒரு வாக்கியத்தைத்தான். இந்தப் பத்தாண்டிலேயே நிலவுக்குச் செல்லவும் மற்றவற்றைச் செய்யவும் முடிவெடுத்திருக்கிறோம், அவை எளிதானவை என்பதற்காக அல்ல, கடினமானவை என்பதற்காகவே என்று அவர் சொல்லும் இடம் அது.

அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டுப் பாருங்கள். ‘மற்றவை’ என்கிறாரே, அவை எவை? கிளிப்புக்குள் விடை இல்லை. ‘இந்தப் பத்தாண்டு’ என்பது எந்தப் பத்தாண்டு? அதற்கும் இல்லை. நல்ல வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த வாக்கியம் எதன்மீது சாய்ந்து நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அதையும் ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. இந்த வீடியோவில் அந்த ஒரு கிளிப்பை மட்டும் முதலிலிருந்து உருவாக்கிப் பார்ப்போம்.

[திரையில்: உரையின் எழுத்து வடிவம். பென்சில் கோடுகள்.]

முதலில் உரையை எழுத்து வடிவில் எடுத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த வாக்கியத்தின் கீழ் கோடிடுங்கள். பிறகு அதில் உள்ள ‘அவை’, ‘அது’, ‘இந்த’, ‘மற்றவை’ போன்ற சொற்களை வட்டமிட்டு, ஒவ்வொன்றும் சுட்டும் பொருள் கிடைக்கும்வரை மேல்நோக்கிப் படியுங்கள். கடைசியாகக் கிடைக்கும் பொருள் எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ, கிளிப் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கென்னடி சற்று முன்பு ஒரு கேள்வி வரிசையை வைக்கிறார். நிலவுக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியானால் மிக உயரமான மலையில் ஏன் ஏற வேண்டும், 35 ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கை ஏன் பறந்து கடக்க வேண்டும், ரைஸ் ஏன் டெக்சாஸுடன் மோதுகிறது என்றும் அவர்கள் கேட்கலாமே என்கிறார். கடைசிக் கேள்வி, ரைஸின் அமெரிக்கக் கால்பந்து அணி தன்னைவிட வலிமையான டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை எதிர்த்து ஆடுவதைப் பற்றியது. அரங்கம் அதைக் கேட்டு ஆரவாரம் செய்கிறது. ‘மற்றவை’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது, கடினம் என்று தெரிந்தே மனிதர்கள் இறங்கும் இத்தகைய முயற்சிகளின் வரிசைதான். ஆகவே தொடக்கம் ‘சிலர் கேட்கிறார்கள்’ என்ற இடமே.

அந்தச் ‘சிலர் கேட்கிறார்கள்’ என்ற இரண்டு சொற்களை எந்தக் காரணத்துக்காகவும் இழக்கக் கூடாது. அவற்றைத் தவிர்த்து, ‘இதை ஏன் நம் இலக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்?’ என்ற அடுத்த கேள்வியிலிருந்து தொடங்கினால், பிறர் எழுப்பிய ஆட்சேபம் பேச்சாளரின் சொந்த ஐயமாகக் கேட்கும். எதிர்த்தரப்பின் வாதத்தைப் பேச்சாளர்கள் தாங்களே எடுத்துச் சொல்லிப் பின்னர் மறுப்பது வழக்கம் என்பதால், நீண்ட உரைகளை வெட்டுகையில் எளிதில் நேரும் தவறு இது. நேர்மையானவர்களும் அவசரத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள்.

முடிவு எங்கே? ‘கடினமானவை என்பதற்காகவே’ என்ற இடத்தில் கை தானாகவே வெட்டப் போகும். ஆனால் கென்னடி அங்கே நிறுத்தவில்லை. அந்த இலக்கு நம்முடைய ஆற்றலையும் திறமையையும் ஒழுங்குபடுத்தி அளந்து காட்டும் என்று காரணம் சொல்லி, இந்தச் சவாலைத் தள்ளிப்போட விரும்பவில்லை, இதில் வெல்லவே எண்ணுகிறோம், மற்றவற்றிலும்தான் என்று முடிக்கிறார். தொடக்கத்தில் திறந்த ‘மற்றவை’ இங்கே மூடப்படுகிறது. கைதட்டலில் இரண்டு விநாடிகளை விட்டு, ஒலியை மெல்லக் குறைத்து முடித்தால், இடையிலுள்ள ஆரவாரத்தோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. இடையிலுள்ள ஆரவாரத்தை நீக்கி நேரத்தைக் குறைக்க வேண்டாம். கென்னடி ‘நிலவுக்குச் செல்ல முடிவெடுத்திருக்கிறோம்’ என்பதை மீண்டும் மீண்டும் சொல்வதைக் கூட்டத்தின் அந்த ஒலியோடு சேர்த்துக் கேட்டால்தான் பார்வையாளருக்கு அந்தத் தருணம் முழுமையாகக் கிடைக்கும்.

[திரையில்: கட்டளை வரி.]

வெட்டும்போது பேச்சாளர் மூச்சு எடுக்கும் இடத்துக்கு அரை விநாடி முன்பாகத் தொடங்குங்கள். இதோ ffmpeg என்ற வீடியோ வெட்டும் மென்பொருளுக்கான கட்டளை, இதில் உள்ள நேரங்கள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் கோப்பில் நீங்கள் குறித்த நேரங்களை அங்கே இடுங்கள்.

```
ffmpeg -ss 00:08:40 -i speech.mp4 -t 64 -c:v libx264 -c:a aac clip.mp4
```

வேகத்துக்காக `-c copy` என்று கொடுத்தால், படம் கோப்பில் உள்ள முழுச் சட்டகங்களில் மட்டுமே தொடங்க முடியும் என்பதால், கிளிப் சில விநாடிகள் முன்னதாகவோ உறைந்த படத்துடனோ தொடங்கக்கூடும். முதல் சொல் துல்லியமாக அமைய வேண்டிய இந்த வேலைக்கு, மேலே உள்ள கட்டளை செய்யும் மறுகுறியாக்கமே சரி.

[திரையில்: கிளிப், கீழே சப்டைட்டில்.]

இனி சப்டைட்டில். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம் என்பது அனைவரும் அறிந்தது. தமிழில் வரும் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் ‘முடிவெடுத்திருக்கிறோம்’ என்பதற்குரிய சொல் முதலில் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்பதால், முழு வாக்கியத்தையும் ஒரே வாக்கியமாக மொழிபெயர்த்தால் ‘கடினம்’ என்ற சொல்லைப் பேச்சாளர் சொல்வதற்கு முன்பே பார்வையாளர் படித்துவிடுவார். உச்சம் வந்து சேருகையில் திரையில் வெறும் வினைச்சொல் இருக்கும். ஆகவே வாக்கியத்தை உடைக்க வேண்டும். ‘இந்தப் பத்தாண்டிலேயே நிலவுக்குச் செல்ல முடிவெடுத்திருக்கிறோம், மற்றவற்றையும் செய்வோம்’ என்று ஒரு சப்டைட்டில், ‘எளிது என்பதற்காக அல்ல’ என்று அடுத்தது, ‘கடினம் என்பதற்காகவே’ என்று மூன்றாவது. இப்படி உடைத்தால் எழுத்தும் குரலும் ஒன்றாக நடக்கும்.

[திரையில்: வீடியோவுக்குக் கீழே கேப்ஷன்.]

கிளிப்புக்குள் அடங்காத சூழலைக் கேப்ஷன் சுமக்க வேண்டும். இங்கே முதல் தேவை தேதி. 1962 என்று தெரிந்தால்தான் ‘இந்தப் பத்தாண்டு’ 1960கள் என்பதும், ‘35 ஆண்டுகளுக்கு முன்’ என்பது 1927-இல் அமெரிக்க விமானி லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த பயணம் என்பதும் விளங்கும். கிளிப்பைச் சிலர் கேப்ஷன் இல்லாமல் தரவிறக்கிப் பகிர்வார்கள் என்பதால், பேச்சாளரின் பெயரையும் இடத்தையும் தேதியையும் முதல் ஐந்து விநாடிகளுக்குப் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள்.

இரண்டாவதாக, அதே பொருளைப் பேச்சாளர் வேறெங்காவது தொடுகிறாரா என்று உரை முழுவதிலும் தேடுங்கள். கென்னடி பின்பகுதியில் இத்திட்டத்தின் பெருஞ்செலவை வெளிப்படையாகப் பேசி, என்ன பயன் கிடைக்கும் என்பது இப்போது தெரியாததால் இது ஓரளவுக்கு நம்பிக்கையின்பேரில் செய்யும் செயல் என்று ஒப்புக்கொள்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால், செலவைப் பற்றி யோசிக்காமல் பேசியவர் என்று ஒருவர் எண்ண இடமுண்டு. இவற்றைச் சேர்த்து நான் எழுதிய கேப்ஷன் இது:

‘நிலவுப் பயணம் எதற்கு என்ற ஆட்சேபத்துக்கு அமெரிக்க அதிபர் கென்னடி அளித்த பதில். ரைஸ் பல்கலைக்கழகம், ஹூஸ்டன், 12 செப்டம்பர் 1962. ‘மற்றவை’ என்பது தொடக்கத்தில் அவர் அடுக்கும் அரிய முயற்சிகளைப் போன்றவற்றைக் குறிக்கிறது. திட்டத்தின் செலவைப் பற்றி உரையின் பின்பகுதியில் பேசுகிறார். முழு உரைக்கான இணைப்பும் இப்பகுதி தொடங்கும் நேரமும் கீழே.’

இதில் பாராட்டுச் சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘உலகை மாற்றிய பேச்சு’ என்று எழுதினால், அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய ஒரு தகவல் வெளியே போய்விடும்.

[திரையில்: முடிந்த கிளிப் முழுவதும் ஓடுகிறது.]

வெளியிடுவதற்கு முன், உரையைக் கேட்டிராத ஒருவரிடம் கிளிப்பைக் காட்டி, ‘ஏன் நிலவு?’ என்று கேட்டது யார், ‘மற்றவை’ எவை, இது எந்த ஆண்டு என்று மூன்றை மட்டும் கேளுங்கள். முதல் இரண்டில் தடுமாறினால் கிளிப்பை உரையில் இன்னும் முன்னதாகவே தொடங்குங்கள். மூன்றாவதில் தடுமாறினால் படத்தின் மேல் பதித்த எழுத்தைப் பெரிதாக்குங்கள்.