கடன் கொப்பியில் உறங்கும் வாடிக்கையாளர்

வன்னி நேயர்களுக்கு வணக்கம். எந்த வாடிக்கையாளர் தொடர்ந்து வருகிறார், யார் வருவதைக் குறைத்துவிட்டார் என்று சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்குக் காட்டும் ஒரு கணக்கைப் பற்றி இன்று கதைக்க வந்திருக்கிறேன். இதற்குக் கணினி தேவையில்லை. கடன் கொப்பியும் பில் கட்டும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயருக்கு நேரே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: கடைசியாக எப்போது வந்தார், ஒரு வருடத்தில் எத்தனை முறை வந்தார், மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார். அண்மை, எண்ணிக்கை, பெறுமதி என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டிலிருந்து கணவர், மனைவி, மகன் என்று மூன்று பேர் வருவார்கள். அவர்களை ஒரே பெயரில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நல்ல வாடிக்கையாளர் ஒருவர் மூன்று சாதாரண ஆட்களாகப் பிரிந்துபோவார்.

பெரிய நிறுவனங்கள் இந்த மூன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி போடும். பட்டியலை வரிசைப்படுத்தி ஐந்தாகப் பிரித்து, மேலே உள்ள பங்குக்கு 5, கடைசிப் பங்குக்கு 1. நூறு பெயர் கூட இல்லாத கடைக்கு அவ்வளவு தேவையில்லை. நல்லது, நடுத்தரம், குறைவு என்று மூன்று தரம் போதும். ஆனால் அந்தத் தரத்தை அப்படியே நம்பினால் நம் பக்கத்தில் ஏமாந்துபோவோம். அது எப்படி என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம்.

மாங்குளம் சந்திப் பக்கம் பலசரக்கும் உரமும் விற்கும் கடை ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 31 அன்று முதலாளி கணக்கெடுக்கிறார். தேநீர்க்கடை அக்கா ஒருவர் வருடத்தில் 40 முறை வந்து 3,20,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். கடைசியாக வந்தது ஜூலை 6. மானாவாரி வயல்காரர் ஒருவர் 6 முறை வந்து 1,80,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். கடைசியாக வந்தது மார்ச் 5. மூன்று மாதம் வராதவர் போய்விட்டார் என்று பொது விதி வைத்தால், அக்கா முதல் தரம், வயல்காரர் கடையைக் கைவிட்டவர்.

உண்மை தலைகீழ். அக்கா சராசரியாக எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு முறை வருபவர். இப்போது 25 நாள் ஆகிவிட்டது, வழக்கமான இடைவெளியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வயல்காரரின் பழைய பக்கத்தைப் புரட்டினால், போன வருடமும் காலபோகத்துக்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வந்து, அறுவடை முடித்துக் கணக்குத் தீர்க்க ஒரு முறை வந்திருக்கிறார். நடுவில் வரவே இல்லை. அவர் உறங்கவில்லை, அவருடைய போகம் இன்னும் தொடங்கவில்லை.

ஆகவே நாட்களை அந்தந்த ஆளின் சொந்த இடைவெளியோடு ஒப்பிடுங்கள். இடைவெளி இரண்டு மடங்கைத் தாண்டினால் உறங்குகிறவர், நான்கு மடங்கைத் தாண்டினால் கைவிட்டவர் என்பது என் கைக்கணக்கு. விவசாயக் குடும்பத்துக்கு இது சரிவராது. போன வருடம் இதே மாதத்தில் வந்தாரா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், இந்த மூன்றோடு நான்காவதாக ஒரு நிரலையும் சேர்க்கச் சொல்வேன்: நிலுவை. அக்காவின் பக்கத்தில் 18,000 ரூபாய் நிற்கிறது. கடன் நின்றால் முதலாளியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, காசுக்கு வாங்குவதைக்கூட அடுத்த கடையில் வாங்குபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படிப்பட்டவருக்கு விலைக்கழிவு சொல்லி அழைத்தால் வரமாட்டார். தொலைபேசியில் சுகம் விசாரித்து, “பழைய கணக்கை வாரம் ஆயிரமாகக் கட்டுங்கோ அக்கா, சாமானை வழமைபோல எடுங்கோ” என்றால் வர வாய்ப்பு அதிகம். ஆனால் புதிய சாமானை அன்றன்று காசுக்கே கொடுங்கள், நிலுவை இன்னும் ஏறக்கூடாது. பெறுமதி எழுதும்போதும் கைக்கு வந்த பணத்தையே எழுதுங்கள். கடனில் போய் வராத தொகையைச் சேர்த்தால், நட்டம் தரும் ஆள் பட்டியலின் உச்சியில் நிற்பார்.

கைவிட்டவர்களில் எல்லோரையும் துரத்தத் தேவையில்லை. வீதி வேலைக்கு வந்த குழுவுக்கு மாதக்கணக்கில் சாமான் போட்டீர்கள், வேலை முடிந்து அவர்கள் போய்விட்டார்கள் என்றால், அந்தப் பெயரைக் கோடிட்டு விடலாம். ஆனால் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு வராதவரிடம் காரணம் கேட்க வேண்டும். பொருள் கிடைக்காமல் போனதா, விலையா, நாம் சொன்ன ஒரு வார்த்தையா என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

மாதச் சம்பளம் எடுத்ததும் தவறாமல் வரும் ஆசிரியர் வீடு போன்றவர்களே சிறந்த வாடிக்கையாளர்கள். இவர்களுக்குக் கழிவு கொடுத்து இலாபத்தைக் குறைக்காதீர்கள். எப்படியும் வாங்குவார்கள். அவர்கள் வழக்கமாக எடுக்கும் அரிசியும் பால்மாவும் அந்த நாட்களில் தட்டில் இருந்தால் போதும்.

இந்தக் கணக்கைச் செப்டெம்பர் முடிவில் மறுபடி எடுங்கள். காலபோக விதைப்புக்கு முன் வயல்காரர்களின் பட்டியல் கையில் இருக்கும். கார்த்திகை பிறந்தும் அந்த மானாவாரிக்காரர் உரத்துக்கு வரவில்லையென்றால், அப்போது அவரைத் தேடிப் போங்கள்.